ஜெர்மன் டேஷ்போர்டும் ஒரு ஆர்டர் எண்ணும்

"அக்கா, நாங்க தண்டையார்பேட்டை. வீட்டுக்காரர் வேலைக்காக போன மாசம்தான் ஜெர்மனி வந்தோம். எம்.சி. ரோட்டுலேர்ந்து நைட்டி வரவழைச்சு ஆன்லைன்ல விற்கக் கணக்குத் தொடங்கியாச்சு. ஆனா ஆர்டர், பணம், ரிட்டர்ன் எல்லாமே ஜெர்மன்ல இருக்கு. எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. குளிருக்கு என்ன வாங்கணும், பெரிய வீடு எப்படித் தேடுறதுன்னும் சொல்லுங்க."

தண்டையார்பேட்டையா! நான் பழைய வண்ணாரப்பேட்டை. குளிர் கோட்டையும் வாடகை வீட்டையும் பற்றி உங்கள் ஊர் தமிழ்ச் சங்கத்தில் யாரைக் கேட்டாலும் அரை நாள் பேசுவார்கள், அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். விற்பனைத் தளத்தில் உங்கள் ஆர்டரும் பணமும் தெரிகிற அந்த டேஷ்போர்டைப் பற்றிக் கேட்டால்தான் "டிரான்ஸ்லேட் போட்டுக்கோம்மா" என்று சொல்லிவிட்டு பிரியாணி வரிசைக்குப் போய்விடுவார்கள். நான் வந்தபோதும் அதே பதில்தான். பத்து வருஷமாக இங்கே இருந்துகொண்டு மின்சார பில்லைக்கூடப் பிள்ளைகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறவர்களிடம் வேறு என்ன வரும்?

பிரவுசர் மொழிபெயர்ப்பை அணைத்து வையுங்கள். ஏதாவது சிக்கல் வந்து உதவி எண்ணுக்குப் போன் போட்டால், எதிரில் இருப்பவருக்கு ஜெர்மன் பெயர்தான் தெரியும். கணக்கு பார்ப்பவருக்கும் அப்படியே. வேண்டிய சொற்கள் ஒரு இருபதுகூட வராது, எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடலாம். தளத்துக்குத் தளம் பெயர் கொஞ்சம் மாறும், ஆனால் எங்கும் Bestellnummer என்று ஒன்று இருக்கும். அதுதான் ஆர்டர் எண். ஆர்டர், பணம், ரிட்டர்ன் மூன்று பக்கத்திலும் அதே எண் வரும். ஒரே ஒரு எண்ணை எடுத்து மூன்று இடத்திலும் தேடிப் பாருங்கள், பாதி பயம் போய்விடும்.

முதலில் Bestellungen, அதாவது ஆர்டர்கள். இங்கே Ausstehend என்று இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருங்கள். வாங்குபவரின் பணம் இன்னும் உறுதியாகவில்லை. எங்கள் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் அந்த நிலையிலேயே பெட்டியைக் கட்டிவைத்து, ஆர்டர் ரத்தானதும் திரும்பப் பிரித்தான். Nicht versandt, அதாவது இன்னும் அனுப்பவில்லை என்று மாறிய பிறகுதான் உங்கள் வேலை. பக்கத்திலேயே Versand bis என்று ஒரு தேதி இருக்கும், அதற்குள் அனுப்பியாக வேண்டும். தபாலில் போட்டால் மட்டும் போதாது. Sendungsnummer என்கிற கண்காணிப்பு எண்ணைப் பதித்து, அனுப்பியதை உறுதி செய்ய வேண்டும். அதைச் செய்யாவிட்டால் பொருள் வாடிக்கையாளர் வீட்டில் இருந்தாலும் தளத்தின் கணக்கில் நீங்கள் தாமதம்தான்.

இனி Zahlungen, அதாவது பணம். எல்லோரும் இடறி விழுவது இங்கேதான். என்னுடைய ஒரு விற்பனையையே சொல்கிறேன். காட்டன் நைட்டி 29,90 யூரோ, அனுப்பும் செலவு 4,90. வாங்கியவர் கொடுத்தது 34,80. தளத்தின் கமிஷன் மொத்தத்தில் 15 சதவீதம், அது 5,22. எனக்கு மீதி 29,58. அந்த 29,58 உடனே வங்கிக்கு வராது. முதலில் Einbehalten என்ற இடத்தில் நிறுத்தி வைப்பார்கள். பொருள் போய்ச் சேர்ந்து சில நாள் கழிந்த பிறகுதான் எடுக்கக்கூடிய தொகையாக மாறும். அதற்கப்புறம் Auszahlung, அதாவது வங்கிக்கு அனுப்புதல். வங்கியில் ஒரே வரியாக மொத்தத் தொகை மட்டும் விழும், எந்த ஆர்டருக்கு எவ்வளவு என்று அங்கே தெரியாது. தேதியை வைத்து டேஷ்போர்டின் விவரத்தோடு நீங்கள்தான் பொருத்த வேண்டும்.

இந்த நைட்டி திரும்பி வந்தது. பணத்தைத் திருப்பியதும் அதே Bestellnummer இன்னொரு முறை வந்தது, இம்முறை Erstattung, அதாவது திருப்பிய பணம் என்று, கழித்தல் குறியோடு 34,80. கமிஷனைத் தளம் முழுதாகத் திருப்பித் தரவில்லை, அதில் ஐந்தில் ஒரு பங்கை, 1,04 யூரோவை, வைத்துக்கொண்டு 4,18 கொடுத்தது. விற்றபோது வந்தது 29,58, திரும்பியபோது போனது 30,62. ஆக டேஷ்போர்டில் மட்டும் 1,04 நஷ்டம், நான் கட்டிய தபால் கட்டணம் தனி. விற்பனை ஒரு கணக்குக் காலத்திலும் திருப்பியது அடுத்ததிலும் விழுந்ததால், இரண்டாவது முறை வங்கிக்கு வந்த தொகை குறைவாக இருந்தது. "பணத்தைத் திருடிவிட்டார்கள்" என்று குரூப்பில் கத்துகிறவர்களில் பாதிப்பேருக்கு நடந்தது இதுதான்.

இன்னொரு கண்ணி, அறிக்கையை இறக்கும்போது. ஜெர்மனியில் காற்புள்ளிதான் தசமம், புள்ளி ஆயிரத்தைப் பிரிக்கும். ஊரிலிருந்து கொண்டுவந்த லேப்டாப்பில் எக்செல் இந்திய அமைப்பில் இருந்தால் 34,80 சரியான எண்ணாக ஏறாது. 1.234,50 எண்ணாகவே ஏறாமல் எழுத்தாக இடதுபுறம் ஒட்டிக்கொள்ளும். கூட்டுத்தொகை பொருந்தாமல் போனாலோ, சில எண்கள் மட்டும் இடப்பக்கம் நின்றாலோ இதுதான் காரணம். கோப்பை இருமுறை கிளிக் செய்து திறக்காமல், டேட்டா பகுதியில் போய் இறக்குமதி செய்யுங்கள். அங்கே ஜெர்மன் மொழி அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

வரிக்கும் ஒரு வார்த்தை: விற்றுமுதலைக் கணக்கிடுவது வாங்குபவர் கொடுத்த 34,80-லிருந்துதான், வங்கிக்கு வந்த 29,58-லிருந்து அல்ல. கமிஷன் உங்கள் செலவு. பணம் திருப்பிய ஆர்டரைத்தான் விற்றுமுதலிலிருந்து கழிக்கலாம். மற்றதை வரி ஆலோசகரிடம் கேளுங்கள்.

கடைசியாக Rücksendungen, அதாவது ரிட்டர்ன். ஆன்லைனில் வாங்கியவர் பொருள் கைக்கு வந்து 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பலாம், இது சட்டம். அவர் சொன்னதிலிருந்து 14 நாளுக்குள் நீங்கள் பணத்தைத் திருப்ப வேண்டும், அவர் கட்டிய சாதாரண அனுப்பும் செலவையும் சேர்த்து. ஆனால் பொருள் திரும்பி வரும்வரை, அல்லது அனுப்பியதற்கான ரசீதை அவர் காட்டும்வரை, நிறுத்தி வைக்க உங்களுக்கும் உரிமை உண்டு. அதனால் Rücksendung beantragt, அதாவது ரிட்டர்ன் கேட்டிருக்கிறார் என்று பார்த்தவுடனே பதறிப்போய்ப் பணம் திருப்பும் பொத்தானை அழுத்தாதீர்கள். காரணம் என்ன குறித்திருக்கிறார் என்று பாருங்கள். Zu klein என்றால் சிறியதாக இருக்கிறது, அவ்வளவுதான். Defekt என்றால் பழுது, திரும்பும் தபால் செலவும் உங்கள் தலையில். அளவு சரியில்லாதவர்கள்கூட இலவசமாக அனுப்பலாம் என்று Defekt குறிப்பார்கள். பெட்டியைப் பிரிக்கும்போதே தையலைப் படம் எடுத்து வையுங்கள். போட்டுத் துவைத்தது தெரிந்தால் மதிப்புக் குறைவைக் கழிக்கவும் இடமுண்டு.

எனக்கு முதலில் இதெல்லாம் ஜீரணமே ஆகவில்லை. எம்.சி. ரோட்டில் அப்பாவின் கடையில் "விற்ற துணி வாபஸ் இல்லை" என்று பலகை தொங்கும். தீபாவளிக் கூட்டத்தில் யாராவது பாவாடையை மாற்றித் தரச் சொல்லி வந்தால், அப்பா பலகையைக் காட்டிவிட்டு, அவர்கள் முகம் வாடியதும் ஸ்டூலில் ஏறி வேறு நிறம் எடுத்துத் தருவார். பணம் மட்டும் கல்லாவிலிருந்து திரும்பாது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவள், இப்போது உதவி எண்ணில் ஜெர்மனிலேயே சண்டை போட்டு 4,18-ஐ வாங்குகிறேன். நைட்டிக்கு அளவை சென்டிமீட்டரில் போடுங்கள், நம்ம ஊர் எக்ஸ்எல் இங்கே பலருக்குப் பத்தாது. Zu klein குறையும்.