கடிதத்தில் எந்த புராஜெக்டை முன்னால் வைப்பது?

"பி.ஆர்க். முடித்துவிட்டேன். பூச்சில்லாத செங்கல் வீடுகள் கட்டும் ஒரு சிறிய ஸ்டுடியோவுக்கு விண்ணப்பிக்கிறேன். போர்ட்ஃபோலியோவில் ஒன்பது புராஜெக்டுகள் உள்ளன. இறுதியாண்டு தீசிஸ் ஒரு விமான நிலையம். பயிற்சியின்போது ஒரு வீட்டுக்கு ரேட் டிராப் பாண்ட் சுவர் வரைந்தேன். கடிதத்தில் எவற்றைச் சொல்வது, எப்படிச் சொல்வது?"

மூன்று போதும். முதலில் அந்தச் சுவர். விமான நிலையம் கடைசியில், ஒரே வரியில். சிறிய ஸ்டுடியோக்களில் இத்தகைய கடிதத்தைப் பெரும்பாலும் முதன்மைக் கட்டடக்கலைஞரே படிப்பார். சேர்ந்த முதல் மாதத்தில் உங்களை நம்பி எந்த வரைபடத்தைக் கொடுக்கலாம் என்றுதான் அவர் பார்ப்பார்.

"சுவர் வரைந்தேன்" என்பது மட்டும் சான்றாகாது. எங்கே சிக்கியது, என்ன முடிவெடுத்தீர்கள் என்று எழுதுங்கள். ரேட் டிராப் பாண்டில் செங்கலைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே பொள்ளல் விட்டுக் கட்டுகிறோம். செங்கல் 110 மி.மீ. அகலம், கலவை 10 மி.மீ. என்றால் ஒரு வரி 120 மி.மீ. ஜன்னலின் அடிமட்டத்தை வழக்கம்போல் 900 மி.மீ. உயரத்தில் வைத்தால் ஏழரை வரி வரும். கொத்தனார் செங்கலை வெட்டியாக வேண்டும். பூச்சில்லாத சுவரில் அந்த வெட்டு காலத்துக்கும் தெரியும். உங்களுக்கும் இந்தச் சிக்கல் வந்திருந்தால் இப்படி எழுதலாம்:

"ஜன்னல் அடிமட்டத்தை 925 மி.மீ. ஆக மாற்றினேன்: நிறுத்திய செங்கல் ஏழு வரி, மேலே பொள்ளலை மூட 75 மி.மீ. படுக்கைச் செங்கல் ஒரு வரி, கலவையோடு. மின்குழாய்கள் பொள்ளலுக்குள் போவதால் சுவிட்ச் பெட்டிகளின் இடத்தையும் அதே வரைபடத்தில் குறித்தேன். பக்கம் 4."

நடந்தது வேறு என்றால் அதையே எழுதுங்கள். நேர்காணலில் தாளை நீட்டி, சுவரின் அந்த இடத்தை வரைந்து காட்டச் சொல்வார்கள்.

இரண்டாவதாக, கல்லூரியில் பழைய வீடு எதையாவது அளவெடுத்து வரைந்திருந்தால் அதைச் சொல்லலாம். அது குழுவேலையாகத்தான் இருக்கும். "நீளவெட்டும் கூரை மர இணைப்புகளும் நான் வரைந்தவை, மற்றவை குழுவினருடையவை" என்று பிரித்துச் சொல்லுங்கள். அப்படிப் பிரிக்காத கடிதத்தை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

தீசிஸைப் பொறுத்தவரை, பளபளக்கும் முப்பரிமாணப் படங்களைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். செங்கல் வீடு கட்டுகிறவரிடம் அவை எடுபடாது.

ஒரு எச்சரிக்கை. பயிற்சியில் வரைந்தவை அந்த அலுவலகத்தின் வரைபடங்கள். அவர்களிடம் மின்னஞ்சலில் அனுமதி கேளுங்கள். வீட்டுக்காரரின் பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டு, பக்கத்தின் அடியில் அலுவலகத்தின் பெயரையும் உங்கள் பங்கையும் குறிப்பிடுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால், வேலையைக் கடிதத்தில் சொற்களால் விவரித்துவிட்டு, வரைபடத்தை இணைக்காமல் விட்டுவிடுங்கள்.