நன்றி பற்றி ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் குறள் எழுதவைப்பது எப்படி?

கேள்வி: பென்னாகரம் பக்கம் ஒரு பள்ளியில் நன்னெறி வகுப்பு எடுக்கிறேன். செய்ந்நன்றி பற்றிப் பிள்ளைகள் எழுதியதெல்லாம் இரண்டு வரிதான், ஆனால் குறள் மாதிரி ஒலிக்கவில்லை. எங்கே தப்பு?

பதில்: முதல் அடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று சீர் என்பதை எல்லாப் பிள்ளைகளும் பிடித்துக்கொள்வார்கள். தப்பு பெரும்பாலும் சீருக்கும் சீருக்கும் நடுவில் இருக்கும். பாலக்கோடு பக்கம் என் வகுப்பில் ஒரு மாணவி எழுதியது இது:

கிணற்றில் நீர்தந்த அண்டை வீட்டாரை
நினைத்தால் நெஞ்சம் குளிரும்

அவர்கள் கிணறு வற்றிய வருடம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் தண்ணீர் விட்டாராம். விஷயம் நல்ல விஷயம். ஆனால் வாய்விட்டுப் படித்தால் நொண்டும்.

வகுப்பில் தட்டிக் காட்டுவேன். தனி எழுத்தோ, அது புள்ளி எழுத்தோடு சேர்ந்தோ வந்தால் நேர், ஒரு தட்டு. இரண்டு குறிலோ, குறிலும் நெடிலுமோ சேர்ந்து வந்தால் நிரை, இரண்டு தட்டு. நேரில் முடியும் ஈரசைச் சீர் மா, நிரையில் முடிவது விளம், நேரில் முடியும் மூவசைச் சீர் காய். குறள் வெண்பாவில் சீரும் சீரும் சேர ஒரே கட்டுப்பாடுதான், தளை என்பது அதுதான்: மாவுக்கு அடுத்த சீர் நிரையில் தொடங்க வேண்டும், விளத்துக்கும் காய்க்கும் அடுத்தது நேரில் தொடங்க வேண்டும்.

இப்போது அவள் குறளைப் பாருங்கள். 'கிணற்/றில்' மா, அடுத்து 'நீர்' நேர். உடைந்தது. 'அண்/டை' மா, அடுத்து 'வீட்' நேர். மறுபடி உடைந்தது. 'வீட்/டா/ரை' காய், அடுத்த அடி 'நினைத்' என்று நிரையில் தொடங்குகிறது. அடி மாறும் இடத்திலும் இந்தக் கணக்கு உண்டு, நிறையப் பேர் விடுவது இங்கேதான். 'நினைத்/தால்' மா, 'நெஞ்' நேர். ஆறு இணைப்பில் நான்கு போச்சு. கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்றாக இருக்க வேண்டும். 'குளிரும்' எதிலும் சேராது. எதுகையும் இல்லை: கிணற்றில் ணகரம், நினைத்தாலில் னகரம். பேச்சில் இரண்டையும் பலர் ஒன்றாகவே சொல்வதால் அவளுக்கு அது தெரியவில்லை.

தட்டித் தட்டி அவளே திருத்தினாள்:

கிணற்றுநீர் தந்தவர் நன்றி மறவேன்
உணர்ந்து நடப்பேன் தினம்

தளையில் ஒரு குறையும் இல்லை. 'தினம்' மலர். எதுகைகூட வந்துவிட்டது. ஆனால் இது காலை வழிபாட்டில் சொல்லும் உறுதிமொழி போல இருந்தது. 'மறவேன்', 'மறவாதே' என்று எழுதுகிற பிள்ளை 'நன்றி மறப்பது நன்றன்று' என்ற 108-ஆம் குறளைத்தான் திருப்பிச் சொல்கிறது என்பது என் அனுபவம். இலக்கணம் சரியானதும் நீங்கள் 'நன்று' போட்டு அனுப்பிவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

"அந்தத் தண்ணியில என்ன விளைஞ்சது?" என்று கேட்டேன்.

"ராகி சார்."

"கதிர் எப்படி இருக்கும்?"

கையை நீட்டி விரல்களை உள்ளே மடக்கிக் காட்டினாள். அதை எழுதச் சொன்னேன். அடுத்த நாள் வந்தது:

கிணற்றுநீர் தந்தவர் கேட்டதொன்றும் இல்லை
உணர்ந்து வளையும் கதிர்

'கேட்/டதொன்/றும்' காய், அடுத்து 'இல்' நேர். 'இல்/லை' மா, அடுத்த அடி 'உணர்ந்' நிரை. 'கதிர்' மலர். கி, கே மோனையும் தானாக விழுந்தது. நன்றி என்ற சொல்லே இதில் இல்லை. அந்தச் சொல்லுக்குத் தடை போட்டுப் பாருங்கள். பிள்ளைகள் முதலில் முணுமுணுப்பார்கள், அப்புறம் வீட்டையும் தோட்டத்தையும் யோசிப்பார்கள்.

அலகிட்டுப் பழக எங்கள் ஊர்ச் சங்கதி ஒன்றையே கரும்பலகையில் எழுதுவேன். அதியமானின் தகடூர் இன்றைய தர்மபுரிதானே. நெல்லிக்கனி தந்தவனை ஔவை வாழ்த்தியது புறநானூற்றின் 91-ஆம் பாட்டு. அதை வைத்து நான் எழுதியது:

நெல்லி கொடுத்தானை நெஞ்சில் நிறுத்தினாள்
சொல்லில் அவன்வாழச் செய்து

'செய்து' காசு. ஆனால் இரண்டாம் அடியில் மோனை இல்லை. சொ-வுக்குச் செ மோனையாகாது என்று போன வருடம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து சொன்னான். இன்னும் திருத்த முடியவில்லை.