அத்தையா, சித்தியா? வாழ்த்து அனுப்பும்போது குழம்பாமல் இருக்க

கேள்வி: பொங்கல் வாழ்த்து அனுப்பும்போது யாரை அத்தை, யாரை சித்தி, யாரை மாமா என்று எழுதுவது?

அப்பாவின் அக்கா, தங்கை இருவருமே அத்தை. அம்மாவின் அண்ணன், தம்பி இருவருமே மாமா. அம்மாவின் தங்கை சித்தி, அக்கா பெரியம்மா. அப்பாவின் தம்பி சித்தப்பா, அண்ணன் பெரியப்பா.

காரணம் பழைய திருமண முறையில் இருக்கிறது. அத்தை, மாமா பிள்ளைகள் முறைப்பிள்ளைகள். அவர்களைக் கட்டிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. சித்தி, பெரியப்பா பிள்ளைகளோ அண்ணன் தங்கை முறை. ரயில் பாதை பிரிவதைப் போல நினைத்துக்கொள்ளுங்கள்: அம்மாவிலிருந்து இன்னொரு பெண்ணிடம் போனால் அதே பாதை, அவரும் ஒரு அம்மா. ஆணிடம் போனால் பாதை மாறி மாமா ஆகிவிடுகிறார். அப்பா பக்கமும் இப்படித்தான்.

கூட வருபவர்களுக்கும் இதே கணக்கு. அத்தையின் கணவர் மாமா, மாமாவின் மனைவி அத்தை, சித்தப்பாவின் மனைவி சித்தி. சில வீடுகளிலும் இலங்கையிலும் அத்தையை மாமி என்பார்கள். அந்த வீட்டு வழக்கத்தையே எழுதுங்கள்.

குடும்பக் குழுவில் வெறும் 'அத்தை, வாழ்த்துகள்' என்றால் மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள். 'மதுரை அத்தை, மாமா, உங்கள் இருவருக்கும் இனிய பொங்கல் வாழ்த்துகள்' என்று ஊரையும் சேர்த்தால் சரி.

அப்புறம், வயதில் சின்னவர் என்றால் சித்தி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: அப்பாவின் கடைசித் தங்கை உங்களைவிட இளையவராக இருந்தாலும் அத்தைதான்.