பட்டன் இருந்தால் போலோவா?

கேள்வி: இணையத்தில் 'ஹென்லி போலோ டி-சர்ட்' என்று போட்டிருந்ததை ஆர்டர் செய்தேன். படத்தில் மாடல் மேலே ஜாக்கெட் போட்டிருந்ததால் கழுத்து சரியாகத் தெரியவில்லை. வந்ததைப் பிரித்தால் காலரே இல்லை, மூன்று பட்டன் மட்டும் இருக்கிறது. இதைப் போலோ என்று விற்கலாமா? திருப்பி அனுப்பினால் எடுத்துக்கொள்வார்களா? அடுத்த முறை படத்தை வைத்தே எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: உங்களுக்கு வந்திருப்பது ஹென்லி, அதாவது காலர் இல்லாமல் முன்பக்கம் பட்டன் மட்டும் வைத்த டி-சர்ட். போலோ என்றால் மடிந்து விழும் காலர் இருக்க வேண்டும். 'ஹென்லி போலோ' என்று தனியாக ஒரு வகை கிடையாது. தேடுபவர் எந்தச் சொல்லைப் போட்டாலும் தங்கள் சரக்கு கண்ணில் பட வேண்டும் என்று இரண்டு பெயரையும் ஒட்டி வைக்கிறார்கள்.

திருப்பி அனுப்பும்போது 'அளவு சரியில்லை', 'பிடிக்கவில்லை' என்ற காரணங்களைத் தேர்ந்தெடுக்காதீர்கள். 'விவரத்தில் சொன்னது ஒன்று, வந்தது வேறு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு முன் அந்தப் பக்கத்தில் கீழே இருக்கும் விவரப் பட்டியலைப் பாருங்கள். கழுத்து வகை என்ற இடத்தில் 'போலோ' அல்லது 'காலர்' என்று இருந்தால் உங்கள் பக்கம் வலுவானது. அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 'ஹென்லி' என்றே இருந்து தலைப்பில் மட்டும் போலோ என்று இருந்தால் கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கும்.

இனி அடையாளம். பட்டனை எண்ணுவதில் பயனில்லை. போலோவில் இரண்டோ மூன்றோ இருக்கும், ஹென்லியில் இரண்டிலிருந்து ஐந்து வரை இருக்கும், ஆகவே மூன்று பட்டன் எதையும் சொல்லாது. முதலில் கழுத்து விளிம்பைப் பாருங்கள், பிறகு பட்டன் பட்டிக்கு வாருங்கள்.

சாதாரண ரவுண்ட் நெக்கில், அதாவது க்ரூ நெக்கில், கழுத்தைச் சுற்றி ஒரு ரிப் பட்டை ஓடும். அந்தப் பட்டையைக் கழுத்து வெட்டின் சுற்றளவைவிடக் குறைவாக வெட்டி, இழுத்துப் பிடித்துத் தைப்பார்கள். அதனால்தான் அது கழுத்தோடு படிந்து நிற்கிறது. தலை நுழையும்போது விரிந்து, பிறகு பழைய அளவுக்குத் திரும்புவதும் அந்த ரிப்தான். ஹென்லியிலும் இதே பட்டைதான், முன்பக்கம் நடுவில் மட்டும் பட்டிக்காக அறுந்து நிற்கும். போலோவில் நிலைமை வேறு. காலரைத் தைத்து, உள்ளே பின்கழுத்தில் நாடா வைத்து மூடிவிடுவதால் அந்தத் தையல் அதிகம் விரியாது. பட்டன் பட்டி திறக்காவிட்டால் தலை நுழையாது. போலோவுக்குப் பட்டி அவசியம், ஹென்லிக்கு அது பெரும்பாலும் வசதிக்கும் அழகுக்கும்தான். சில மலிவான ஹென்லிகளில் பட்டியை மூடித் தைத்துவிட்டு மேலே பட்டனை மட்டும் ஒட்டவைப்பது இதனால்தான் முடிகிறது. காஜா வெட்டியிருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

படத்தில் அதிகம் ஏமாற்றுவது பட்டன் திறந்த ஹென்லி. இரண்டு பக்கமும் மடிந்து விழுந்து, அசல் வி-நெக் போலவே தெரியும். வி-நெக்கில் ரிப் பட்டை இரண்டு பக்கமிருந்தும் இறங்கி வந்து கூர்முனையில் ஒன்றோடு ஒன்று சேரும்; ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும், அல்லது நடுவில் ஒரு தையலில் முடியும். ஹென்லியில் ரிப் பட்டை மேலேயே நின்றுவிடும். அதற்குக் கீழே இறங்குவது நேரான துணிப்பட்டி. மாடலின் கைமடக்கத்தையும் தாடியையும் விட்டுவிட்டு, அந்த ரிப் எங்கே முடிகிறது என்று மட்டும் பாருங்கள்.

எதிர்ப்பக்கமும் ஒரு குழப்பம் உண்டு. காலர் இருக்கும், பட்டன் இருக்காது, முன்பக்கம் வி மாதிரித் திறந்திருக்கும். அதையும் போலோ என்றே விற்கிறார்கள். காலர் இருப்பதால் பெரிதாகச் சண்டை போட முடியாது, ஆனால் கழுத்தை மூடிக்கொள்ள வழி இல்லை என்று தெரிந்து வாங்குங்கள்.

திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொள்வதாக இருந்தால், பட்டியின் அடிமுனையை ஒரு முறை சோதியுங்கள். பின்னல் துணியை நடுவில் கத்தரித்துத்தான் பட்டி வைக்கிறார்கள். கத்தரித்த கோடு முடியும் இரண்டு மூலையிலும் கண்ணிகள் அறுந்திருக்கும். அதைச் சரியாகப் பிடித்துத் தைக்காவிட்டால் நாலைந்து துவைப்பில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்து பெரிதாகும். சட்டையை உட்புறம் திருப்பி, அந்த மூலையை இரண்டு கட்டைவிரலாலும் மெல்ல இழுங்கள். வெளிச்சம் தெரிந்தாலோ, நூல் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தாலோ திருப்பி அனுப்புவதே நல்லது. அடியில் சின்னச் சதுரமாகத் தையல் ஓடி, துணி சுருங்காமல் தட்டையாக இருந்தால் பயப்பட வேண்டாம். பட்டி முழுக்கவே அலை அலையாக நெளிந்தால், உள்ளே விறைப்புக்கு வைக்கும் கேன்வாஸ் இல்லை அல்லது மோசமாக ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். இஸ்திரி போட்டாலும் அது நிலைக்காது.

கேள்வி: டேங்க் டாப் என்று வாங்கியது அக்குளில் விரிந்து உள்ளே எல்லாம் தெரிகிறது. ஒரு சைஸ் குறைத்து வாங்கினால் சரியாகுமா? கையில்லாத டி-சர்ட்டும் இதுவும் ஒன்றுதானே?

பதில்: ஒன்றல்ல. கையில்லாத டி-சர்ட் என்பது ரவுண்ட் நெக்கில் கையை மட்டும் எடுத்தது. கழுத்து உயரமாகவே இருக்கும், தோள் முழு அகலத்துக்கு மூடியிருக்கும். டேங்கில் கழுத்து கீழே இறங்கும், தோளில் மூன்று நான்கு விரல் அகலப் பட்டைதான் மிஞ்சும், கைவெட்டும் ஆழமாகப் போகும்.

சைஸ் குறைப்பதற்கு முன் காரணத்தைப் பாருங்கள். சட்டையை மேசையில் தட்டையாக விரித்து, அக்குளுக்குச் சற்றுக் கீழே குறுக்காக அளந்து இரண்டால் பெருக்குங்கள். உங்கள் மார்பு 96 செ.மீ., குறுக்களவு 56 என்று வைத்துக்கொள்வோம். சட்டை 112, அதாவது 16 செ.மீ. கூடுதல். இது சைஸ் பெரிது, குறைத்தால் சரியாகும். குறுக்களவு 50 என்று வந்து, அதாவது வெறும் 4 செ.மீ. கூடுதலாக இருந்து, அப்படியும் அக்குள் விரிந்தால் குறை வேறு இடத்தில். ஒன்று, கைவெட்டே ஆழம். உடற்பயிற்சிக்கென்று வெட்டியவை அப்படித்தான் இருக்கும். இல்லையென்றால் கைவெட்டு ஓரத்தில் வைத்த பட்டையை இழுத்துத் தைக்கவில்லை, அதனால் விளிம்பு படியாமல் பிரில் மாதிரி துள்ளுகிறது. இந்த இரண்டிலும் சைஸ் குறைத்தால் மார்பில் பிடிக்கும், அக்குள் அப்படியேதான் இருக்கும். உங்களுக்கு வேண்டியது கையில்லாத டி-சர்ட்.