செற்றியில் நாய் முடி: முதலில் முடி, அப்புறம் தண்ணீர்

கேள்வி: எங்கள் நாய் செற்றியில் ஏறித்தான் படுக்கும். குட்டையான வெள்ளை முடி. ஈரத்துணியால் துடைத்தால் இன்னும் ஒட்டிக்கொள்கிறது. கறுப்பு உடுப்புகளை மெஷினில் தோய்த்து எடுத்தாலும் முடி அப்படியே இருக்கிறது. நாயின் மெத்தை தோய்த்த பிறகும் மணக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, உப்புவெளி

பதில்: அன்புச் சகோதரி, முடியை எடுக்கும் முன்பே தண்ணீர் படுவதுதான் இங்கே சிக்கல். நீண்ட முடி துணியின் மேலே சிக்கிக் கிடக்கும், அள்ளி எடுத்துவிடலாம். குட்டை முடி விறைப்பானது. ஊசி போல இழைகளுக்குள் குத்தி நிற்கும். ஈரத்துணியால் முன்னும் பின்னும் தேய்த்தால் அது மேலும் உள்ளே போகும், மிச்சம் ஈரத்தோடு துணியில் ஒட்டிவிடும்.

பாத்திரம் கழுவும் றப்பர் கையுறை ஒன்றே போதும். அதை நனைத்து நன்றாக உதறிவிடுங்கள். இலேசான ஈரம் இருந்தால் சரி, சொட்டக் கூடாது. செற்றியின் ஓரத்திலிருந்து உங்கள் பக்கமாக, ஒரே திசையில் அழுத்தி இழுங்கள். றப்பரின் உராய்வு முடியைப் பிடுங்கி, திரி திரியாகச் சுருட்டித் தரும். வெல்வெற் மாதிரியான துணி என்றால் இழை படிந்திருக்கும் திசையிலேயே இழுக்க வேண்டும். முதலில் பின்பக்கத்தில் ஒரு மூலையில் செய்து பாருங்கள். தையலோரங்களுக்கும் மெத்தைகளுக்கு இடையிலுள்ள இடுக்குகளுக்கும் காய்ந்த பழைய பல் தூரிகை நல்லது. ஒட்டுநாடாவைக் கடைசியில் மிஞ்சும் நாலைந்து முடிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், முழுச் செற்றிக்கும் கட்டுப்படியாகாது. பிறகு, நாய் படுக்கும் இடத்தில் நெருக்கமாக நெய்த பருத்தி விரிப்பொன்றைப் போட்டுவிட்டால் தினமும் அதை மட்டும் வெளியே உதறினால் போதும்.

உடுப்புக்கும் இதே முறைதான். தோய்க்கும் முன் காய்ந்தபடியே முற்றத்தில் உதறி, அதே கையுறையால் ஒருமுறை இழுத்துவிடுங்கள். கச்சான் வீசும் மாதங்களில் காற்று காய்ந்திருப்பதால் பொலியெஸ்டர் உடுப்பில் நிலைமின்சாரம் ஏறி முடி விடாப்பிடியாக நிற்கும். அப்போது கையுறையை இன்னும் கொஞ்சம் ஈரமாக்கலாம். மெஷினை நிரப்பி அடைக்காதீர்கள். உடுப்பு தண்ணீரில் தளர்ந்து புரண்டால்தான் முடி கழன்று வலைப்பைக்குப் போகும். தோய்த்து முடிந்ததும் அந்த வலைப்பையைக் கழற்றிக் கழுவி, தொட்டியின் உட்புறத்தையும் ஒரு துணியால் துடையுங்கள். இல்லாவிட்டால் அங்கே மிஞ்சிய முடி அடுத்த முறை போடும் கறுப்பு உடுப்பில்தான் ஏறும்.

இனி மெத்தை. மணம் போகாததற்குப் பெரும்பாலும் காரணம் சவர்க்காரம் போதாமை அல்ல, உள்ளே காயாமல் இருப்பதுதான். வெளியுறை வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்திருக்கும், நடுவிலுள்ள பஞ்சோ ஸ்பொஞ்சோ ஈரமாகவே இருக்கும். ஒரு வெள்ளைத் தாளை மெத்தையின் நடுவில் வைத்து முழங்காலால் அழுத்திப் பாருங்கள். தாள் ஈரலித்தால் இன்னும் காயவில்லை.

உறையைக் கழற்றி, கடற்கரை மணல் முழுதும் போகும்வரை உதறுங்கள். மணல் மெஷினின் பம்புக்குக் கேடு. ஆகவே முதல் அலசலை வாளியிலேயே செய்துவிடுங்கள்: மணல் அடியில் தங்கும், முடி மேலே மிதக்கும், அள்ளி எறியலாம். அப்புறம் சுடுநீர். கொதித்த தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்தால் ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் வரும். தெள்ளு முட்டைகளையும் பூச்சிகளையும் கொல்ல அந்தச் சூடு வேண்டும். துணி தாங்குமா என்று உறையிலுள்ள குறிப்பைப் பார்த்துவிட்டு, தடியால் அமுக்கிக் கால் மணித்தியாலம் ஊறவிடுங்கள். சவர்க்காரத்தூளை வழக்கத்தைவிடக் குறைத்து, ஒரு தடவை கூடுதலாக அலசுங்கள். வாசனைத் திரவம் வேண்டாம். நாய் முகத்தை வைத்துப் படுக்கும் துணி அது.

கார்த்திகை, மார்கழி மழையில் ஸ்பொஞ்ச் மெத்தையைக் காயவைக்க எவராலும் முடியாது. அந்த மாதங்களுக்கு அதை எடுத்து வைத்துவிட்டு, உறைக்குள் பழைய பருத்திச் சீலைகளையும் படுக்கை விரிப்புகளையும் மடித்துத் திணித்துத் தைக்காமல் விடுங்கள். வாரம் ஒருமுறை வெளியே எடுத்துத் தனித்தனியாகத் தோய்க்கலாம், விறாந்தைக் கொடியிலேயே காய்ந்துவிடும். என்னைக் கேட்டால் வருடம் முழுக்கவே இது போதும்.

தோய்க்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். உறையில் கரும்பொடி மாதிரி ஏதும் இருந்தால் ஈரமான வெள்ளைத் தாளில் வைத்து நசுக்குங்கள். செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளின் எச்சம், அதாவது செரித்த இரத்தம். அப்படியென்றால் படுக்கையைத் தோய்ப்பது மட்டும் போதாது, செற்றி இடுக்குகளிலும் கூட்டுப்புழுக்கள் இருக்கும். மிருக வைத்தியரிடம் நாயின் எடையைச் சொல்லி மருந்து வாங்கிப் போடுங்கள். அதே நாளில் படுக்கையையும் விரிப்பையும் சுடுநீரில் தோய்த்து, செற்றி இடுக்குகளையும் துப்புரவாக்குங்கள்.