தீபாவளிக்கு ஓனருக்கு என்ன, கேர்டேக்கருக்கு எவ்வளவு?

கேள்வி: மதுரையிலிருந்து மாற்றலாகி ஜூன் மாதம் குன்னூரில் வாடகைக்கு வந்தோம். நாலு வீடு உள்ள கட்டடம், நாங்கள் மாடியில். ஓனர் கீழ் வீட்டில் இருக்கிறார், படுகர். கேட் பக்கத்து அறையில் கேர்டேக்கர் குடும்பம். தீபாவளிக்கு இவர்களுக்கு ஏதாவது செய்யணுமா? எதிர்பார்ப்பார்களா? செய்தால் எவ்வளவு?

பதில்: ஓனர் எதிர்பார்க்க மாட்டார், கேர்டேக்கர் கட்டாயம் எதிர்பார்ப்பார். குன்னூர், கோத்தகிரி பக்கம் வீடு பார்த்துக் கொடுப்பது, வாடகை வசூலித்துக் கொடுப்பது, நடுவில் சண்டை வந்தால் தீர்த்து வைப்பது என்று 19 வருஷமாக இதே வேலையில் இருக்கிறேன். பலகாரம் வரவில்லை என்று குறைப்பட்ட ஓனரை நான் பார்த்ததில்லை. தீபாவளிக்கு ஒன்றும் தராத வீட்டை மறந்துபோன கேர்டேக்கரையும் பார்த்ததில்லை.

ஓனர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். ஒரு சின்ன சம்படத்தில் வீட்டில் செய்த பலகாரம், நீங்களே போய்க் கையில் கொடுத்துவிட்டு ஐந்து நிமிஷம் பேசிவிட்டு வாருங்கள், போதும். படுகர்களுக்குப் பெரிய பண்டிகை ஹெத்தையம்மன் பண்டிகை, அது டிசம்பர் கடைசி, ஜனவரி வாக்கில் வரும், அதற்கு வாடகைக்கு இருப்பவர்கள் எதுவும் கொடுக்கிற வழக்கம் கிடையாது. ஆனால் தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுபோனால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள், சம்படமும் வெறுமையாகத் திரும்பாது, பெரும்பாலும் தோட்டத்துக் கேரட்டோ பீன்ஸோ போட்டுத்தான் வரும். வெள்ளி டம்ளர், பட்டுப் புடவை என்றெல்லாம் போகாதீர்கள். ஜூனில் பதினொரு மாத அக்ரிமெண்ட் போட்டிருந்தால் அடுத்த மே மாதம் வாடகைப் பேச்சு வரும், அப்போது அந்த வெள்ளி டம்ளர் உங்களுக்குச் சாதகமாக இருக்காது. அதேபோல் ஒழுகுகிற கூரையைப் பற்றி இந்த வாரம்தான் பேசப்போகிறீர்கள் என்றால், பேச்சையும் பலகாரத்தையும் ஒரே நாளில் வைக்காதீர்கள்.

இன்னொன்று, ஊட்டி வர்க்கி வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். வந்த புதிதில் நான் அழகாக ரிப்பன் கட்டி என் ஓனரம்மாவிடம் கொடுத்தேன், கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாகிவிட்டது, அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. மலைக்காரர்களுக்குக் கீழேயிருந்து வருவதுதான் விசேஷம். மேட்டுப்பாளையம் வழியாக வரும்போது நாலு முருங்கைக்காயும் ஒரு கட்டு வாழையிலையும் எடுத்து வந்து பாருங்கள், இந்தக் குளிரில் இரண்டும் சரியாக வராததால் ஸ்வீட் டப்பாவை விட மதிப்பு அதிகம். ஸ்வீட்டே வேண்டும் என்றால் மைசூர்பாகு மாதிரி நெய்ப் பலகாரம் இங்கே கல்லாக உறைந்துவிடும், முறுக்கு ஐப்பசி ஈரக்காற்றில் ஒரே நாளில் நமத்துவிடும், அதனால் அதிரசம் அல்லது லட்டு நல்லது. பாலிதீன் கவரில் சுற்றி எடுத்து வராதீர்கள், நீலகிரியில் அதற்குத் தடை இருக்கிறது, மலையேறும் வழியில் செக்போஸ்ட்டில் பிடுங்கிக்கொள்வார்கள்.

சரி, கேர்டேக்கர். அவருக்குச் சம்பளம் தருவது ஓனர், உங்களுக்கு அவர் வேலைக்காரர் இல்லை. அதனால் போனஸும் புதுத்துணியும் ஓனர் பொறுப்பு, அதில் நீங்கள் தலையிட வேண்டாம். ஒரு வருஷம் வேட்டி சேலை எடுத்துக் கொடுத்துவிட்டால் அடுத்த வருஷமும் எடுக்க வேண்டியிருக்கும், பிள்ளைகளின் அளவும் கூடவே வளரும். நீங்கள் தருவது தீபாவளிக் காசு. அது எதற்கு என்றால், ஓனர் சம்பளத்தில் சேராமல் அவர் உங்களுக்காகச் செய்த வேலைகளுக்கு. எவ்வளவு தரலாம் என்பதும் இதிலிருந்தே வந்துவிடும்.

போன வருஷம் உங்களைப் போலவே ஜூனில் குடி வந்த ஒரு குடும்பத்துக்குப் போட்டுக் கொடுத்த கணக்கைச் சொல்கிறேன். விடியற்காலை வால்வைத் திறந்து தண்ணீர் ஏற்றுவது, கேட் பூட்டுவது, ராத்திரி காட்டெருமை காம்பவுண்டுக்குள் வந்தால் விரட்டாமல் நம்மை எச்சரித்துவிட்டு ஒதுங்குவது, இதெல்லாம் சம்பளத்தில் சேர்ந்தது, கணக்கில் எடுக்கவில்லை. சாலையிலிருந்து 42 படி ஏற்றி சிலிண்டர் கொண்டுவந்தது மூன்று முறை, தடவைக்கு 50 ரூபாய் என்று வைத்தால் 150. குடி வந்த அன்று சாமான் இறக்க நின்றது ஒரு 150. கீசர் கெட்டபோது இரண்டு முறை எலக்ட்ரீஷியனைத் தேடிப்போய்க் கூட்டிவந்தது 100. ஆக 400. இதில் எதற்கும் அந்தந்த நேரத்தில் அவர்கள் காசு கொடுத்திருக்கவில்லை, அதனால் முழுவதும் தீபாவளியில் வந்து நின்றது. அதோடு பண்டிகைக்காக ஒரு 300 சேர்த்து 700 ரூபாய், கவரில் போட்டு, கூடவே அரைக்கிலோ ஸ்வீட். சிலிண்டர் ஏறும்போதே 50 ரூபாய் கையில் கொடுத்துப் பழக்கமிருந்தால் தீபாவளிக்கு 300, 400 போதும், அவரும் குறையாக நினைக்க மாட்டார். வருஷம் முழுக்க ஒன்றும் கொடுக்காமல் தீபாவளிக்கும் 200 ரூபாய் நீட்டுகிற வீட்டில்தான் ஜனவரியில் சிலிண்டர் படிக்குக் கீழேயே நிற்கும்.

பக்கத்து வீடுகளை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் எல்லாரையும் பார்த்து ஒப்பிடாதீர்கள். நாலு வீடு என்கிறீர்கள், அதில் ஒன்றிரண்டு கோடைக்கு மட்டும் திறக்கிற வீடாக இருக்கும். அந்தக் குடும்பங்கள் போகும்போது 2000 ரூபாய் கொடுத்துவிட்டுப் போவது உண்டு, அது பத்து மாதம் பூட்டு, தோட்டம், எலிப்பொறி எல்லாம் பார்த்துக்கொண்டதற்கு. அவர் அந்தத் தொகையைச் சொல்லிக் காட்டினால் சிரித்துக்கொண்டு விட்டுவிடுங்கள். வருஷம் முழுக்கத் தங்குகிற வீட்டோடு மட்டும் பேசி, இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே அளவில் கொடுங்கள். ஒருவர் திடீரென்று ஏற்றினால் மற்றவருக்குத் தர்மசங்கடம்.

எப்போது, எப்படி என்பதில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். தீபாவளி அன்று காலையில் கொடுத்தால் லேட், துணியும் பட்டாசும் அதற்கு முன்பே வாங்கியாக வேண்டும், சொந்த ஊருக்குப் போகிறவர் என்றால் இரண்டு நாள் முன்பே பஸ் ஏறிவிடுவார். ஒரு வாரம் முன்னால் கொடுங்கள். ஓனர் மூலமாகக் கொடுக்காதீர்கள், அவர் கொடுத்தாலும் அது ஓனர் காசாகத்தான் போய்ச் சேரும். புருஷன் பெண்டாட்டி இருவரும் இருக்கும்போது கொடுப்பது இன்னும் நல்லது, ஏன் என்று நீலகிரியில் குடியிருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குளிருக்கு ஒரு குவார்ட்டர் வாங்கித் தந்தால் ஆள் கைக்குள் இருப்பார் என்று யோசனை சொல்கிறவர்களும் உண்டு, கேட்காதீர்கள். பழைய ஸ்வெட்டர் கொடுப்பதானால் குளிர் தொடங்கும்போது தனியாகக் கொடுங்கள், காசுக்குப் பதிலாக வேண்டாம்.

கொடுப்பதற்கு முன் இன்னும் ஒன்று விசாரியுங்கள். அவர் கிறிஸ்தவராக இருந்தால் இந்தக் கவரை டிசம்பர் 20 வாக்கில் கொடுங்கள், இரண்டு பண்டிகைக்கும் கொடுக்க வேண்டியதில்லை. வீட்டில் இந்த வருஷம் யாராவது இறந்திருந்தால் அவர்களுக்குத் தீபாவளி இல்லை. ஸ்வீட்டும் வேண்டாம், வாழ்த்தும் வேண்டாம். பண்டிகை முடிந்து ஒரு வாரம் கழித்து, "செலவுக்கு வெச்சுக்குங்கண்ணே" என்று அதே தொகையைக் கையில் கொடுத்துவிடுங்கள்.