இருபது வருஷத்தில் பணம் ரெட்டிப்பு: 72-ஐ வைத்து ஏஜென்ட் கணக்கைச் சரிபார்ப்பது எப்படி?

கேள்வி: "வருஷம் 20,000 வீதம் 10 வருஷம் கட்டினா, 20-ஆவது வருஷம் 4 லட்சம் வரும், போட்ட பணம் ரெட்டிப்புன்னு ஒரு பாலிசி ஏஜென்ட் சொல்றார். 72-ஐ வகுத்துப் பார்த்தா லாபமா இல்லையான்னு தெரிஞ்சுடும்னு ஃபிரெண்ட் சொல்றான். அது எப்படி? விலைவாசிக்கும் அதே கணக்குதானா?"

மண்டபத்தில் ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். இந்த ஏஜென்ட் வகையறா எங்கள் கரைப் பக்கமும் நிறைய வருவார்கள், அதிலும் சீசன் நன்றாக இருந்து கையில் பணம் புழங்கும் மாதங்களில் தவறாமல் வருவார்கள். அதனால் இந்தக் கணக்கைப் பலருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

உங்கள் நண்பர் சொன்னது சரி. ஆண்டு வட்டி எத்தனை சதவீதமோ அதால் 72-ஐ வகுத்தால், பணம் இரட்டிப்பாக எத்தனை வருடம் ஆகும் என்பது வரும். 6 சதவீதம் என்றால் 12 வருடம், 8 என்றால் 9 வருடம். திருப்பியும் போடலாம்: "இத்தனை வருடத்தில் இரட்டிப்பு" என்று யாராவது சொன்னால், அந்த வருடத்தால் 72-ஐ வகுத்தால் அவர் வாயில் வராத வட்டி வீதம் வெளியே வந்துவிடும். எனக்குப் பயன்படுவது பெரும்பாலும் இந்தத் திருப்பிப் போடும் கணக்குதான்.

நம்பலாமா என்று பார்க்க அஞ்சலகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கிசான் விகாஸ் பத்திரத்தின் வட்டியை 2023 ஏப்ரலில் 7.5 சதவீதமாக்கியபோது, 115 மாதத்தில் இரட்டிப்பு என்று அறிவித்தார்கள். 72-ஐ 7.5-ஆல் வகுத்தால் 9.6 வருடம், அதாவது 115 மாதம் சொச்சம். அச்சாகப் பொருந்துகிறது. இதே பத்திரம் 1988-இல் வந்தபோது ஐந்தரை வருடத்தில் இரட்டிப்பு. நம் பெரியவர்கள் "அஞ்சு வருஷத்துல டபுள்" என்று இன்றும் பேசுவது அந்தக் காலத்து நினைப்பில்தான். ஐந்தரையால் வகுத்தால் 13.1 சதவீதம் வரும், உண்மையான வட்டி 13.4. வட்டி ஏற ஏற 72 கொஞ்சம் பிசகும், அவ்வளவுதான். 8 சதவீதத்துக்கு மேலே ஒவ்வொரு 3 சதவீதத்துக்கும் 72-உடன் ஒன்று கூட்டிக்கொண்டால் அந்தப் பிசகும் போய்விடும். 14 சதவீதத்துக்கு 74, 20 சதவீதத்துக்கு 76. நம் சேமிப்புகள் எல்லாம் பெரும்பாலும் 6-க்கும் 9-க்கும் நடுவில் கிடப்பவை, ஆகவே வெறும் 72 போதும்.

இப்போது உங்கள் பாலிசிக்கு வருவோம். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். 2 லட்சம் கட்டி 20 வருடத்தில் 4 லட்சம், எனவே 72-ஐ 20-ஆல் வகுத்து 3.6 சதவீதம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். இது ஏஜென்ட்டுக்கே அநியாயம். ஏனென்றால் 2 லட்சத்தையும் நீங்கள் முதல் நாளே கொடுக்கவில்லை. முதல் 20,000 மட்டும்தான் 20 வருடம் அவர்களிடம் இருக்கிறது. இரண்டாவது தவணை 19 வருடம், மூன்றாவது 18, இப்படி இறங்கிப் பத்தாவது தவணை 11 வருடம். முதலையும் கடைசியையும் கூட்டிப் பாதியாக்குங்கள்: 20-உம் 11-உம் 31, அதில் பாதி பதினைந்தரை. ஆக, உங்கள் பணம் சராசரியாகப் பதினைந்தரை வருடம் அங்கே வேலை செய்து இரட்டிப்பாகிறது. 72-ஐ 15.5-ஆல் வகுத்தால் 4.6 சதவீதம். கம்ப்யூட்டரில் தவணை தவணையாகச் சரியாகப் போட்டால் நாலரை சதவீதம் வரும். ஒரு தாளும் பேனாவும் வைத்துப் போட்ட கணக்குக்கு இது போதாதா?

சரி, நாலரை நல்லதா கெட்டதா? அதே தவணையை அஞ்சலகத்தில் பி.பி.எஃப். கணக்கில் போடுவதாக வைத்துக்கொள்வோம். அதன் வட்டி 2020 ஏப்ரல் முதல் நெடுநாளாக 7.1 சதவீதத்தில் நின்றது. அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை அறிவிக்கும் என்பதால், நீங்கள் போடும் நாளில் என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். 15 வருடக் கணக்கு, அதற்குமேல் ஐந்து வருடம் நீட்டிக்கலாம், எனவே உங்கள் 20 வருடத்துக்குப் பொருந்துகிறது. பத்து வருடத் தவணை முடிந்தபின் பதினைந்தாம் வருடம் வரை ஆண்டுக்கு 500 ரூபாய் போட்டுக் கணக்கை உயிரோடு வைத்திருந்தால் போதும். அந்தச் சில்லறையைக் கணக்கில் விட்டுவிடுகிறேன்.

7.1-இல் இரட்டிப்பாக ஏறக்குறைய 10 வருடம். உங்கள் பணம் இருக்கப்போவது சராசரி பதினைந்தரை வருடம். ஆக 2 லட்சம் பத்து வருடத்தில் 4 லட்சம், மிச்சம் ஐந்தரை வருடம், அதாவது பாதி இரட்டிப்புக்குச் சற்று மேல். இங்கே ஒரு எச்சரிக்கை: பாதிக் காலம் என்றால் ஒன்றரை மடங்கு என்று போட்டுவிடாதீர்கள். பாதிக் காலத்தில் 1.41 மடங்குதான் ஆகும், இரண்டு முறை 1.41 பெருக்கினால்தான் 2 வரும். இங்கே பாதிக்குச் சற்று மேல் என்பதால் 1.45 என்று வைக்கலாம். 4 லட்சம் ஐந்தே முக்கால் லட்சத்தைத் தாண்டுகிறது. தவணைவாரியாகப் போட்டால் 5.9 லட்சம். பாலிசியில் 4 லட்சம். நடுவில் உள்ள வித்தியாசம் கிட்டத்தட்ட நீங்கள் கட்டுகிற மொத்தப் பணம்.

நியாயமாகச் சொன்னால் பாலிசியில் உயிர்க்காப்பும் இருக்கிறது. கடலுக்குப் போகும் வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் காப்புத்தொகை எவ்வளவு என்று கேளுங்கள். 2 லட்சம், 3 லட்சம் என்றால் ஒரு குடும்பத்துக்கு அது எத்தனை மாதம் தாங்கும்? காப்பு மட்டும் வேண்டுமென்றால் டேர்ம் பாலிசி தனியாக எடுப்பதுதான் மலிவு. சேமிப்பையும் காப்பையும் ஒன்றாகக் கட்டிக் கொடுத்தால் இரண்டின் விலையும் தெரியாமல் போகிறது என்பது என் அபிப்பிராயம்.

அப்புறம் விலைவாசி. ஆமாம், அதே கணக்குதான். ரிசர்வ் வங்கிக்கு அரசு வைத்த இலக்கு 4 சதவீதம், மேலே 6 வரை போகலாம், கீழே 2 வரை இறங்கலாம். 4 சதவீதம் என்றால் 18 வருடத்தில் விலை இரட்டிப்பு, 6 என்றால் 12 வருடத்தில். விலை இரட்டிப்பது என்றால் உங்கள் ரூபாய் பாதியாவது. எனவே 20 வருடம் கழித்து வரும் அந்த 4 லட்சம், விலை 4 சதவீதமாக ஏறினால்கூட இன்றைய 2 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. நாலரை சதவீத பாலிசியும் 4 சதவீத விலை ஏற்றமும் ஏறக்குறைய கைகோத்து நடக்கின்றன. 6 சதவீதமாக ஏறினால் அது இன்றைய ஒன்றேகால் லட்சம். கட்டியதையே முழுசாகத் திரும்பப் பெறவில்லை என்று அர்த்தம்.

ஆனால் நாட்டுச் சராசரி வேறு, நம் வீட்டுச் செலவு வேறு. எங்கள் தெருவில் வண்டியில் வரும் நல்ல தண்ணீரை ஒரு குடம் 5 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டிருந்தோம். எட்டு வருடத்தில் அது 10 ரூபாய். 72-ஐ 8-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 9 சதவீதம். எதற்காகச் சேமிக்கிறீர்களோ அந்தப் பொருளின் விலையை இப்படித் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: முன்பு ஒரு விலைக்கு விற்றது எப்போது இரட்டிப்பானது? ஃபைபர் படகுக்குச் சேர்க்கிறவர் படகு விலையையும், நகைக்குச் சேர்க்கிறவர் பவுன் விலையையும் பார்க்க வேண்டும்.

அதில் ஒன்றைக் கவனியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம். அப்போது வரத்துக் குறைந்து மீன் விலை எகிறும். ஒரு ஜனவரியில் வாங்கிய விலையையும் இன்னொரு மே மாதத்து விலையையும் வைத்துக் கணக்குப் போட்டால், சீலா மீன் நாலு வருடத்தில் இரட்டிப்பு என்றெல்லாம் வரும். மே மாதத்தை மே மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும். தங்கமும் அப்படித்தான், சில வருடம் அசையாது, சில வருடம் பாய்ந்துவிடும். 72 தருவது நடுவில் உள்ள சராசரி வேகத்தை மட்டும்தான், அடுத்த வருடம் என்ன ஆகும் என்பதை அல்ல.

கடன் வைத்திருந்தால் அதற்கும் இதையே போடலாம், மாத வட்டி என்றால் விடை மாதத்தில் வரும். மூணு வட்டிக்கு 50,000 வாங்கி எஞ்சின் வேலை பார்த்தவர், வட்டி கட்டாமல் விட்டு அது அசலோடு சேர்ந்துகொண்டே போனால், 72-ஐ 3-ஆல் வகுத்து 24 மாதம்: கடன் ஒரு லட்சம். மாதாமாதம் 1,500 கட்டிக்கொண்டே வந்தால் அசல் ஏறாது, எனவே அங்கே 72 செல்லாது, 100-ஐ 3-ஆல் வகுக்க வேண்டும். 33 மாதம் தாண்டும்போது வட்டியாகவே 50,000 கொடுத்திருப்பார், அசல் அப்படியே நிற்கும். வட்டியை எடுத்துச் செலவழிக்கும் எந்தச் சேமிப்புக்கும் இதே விதி. மாதாமாதம் வட்டி கைக்கு வரும் டெபாசிட் என்றைக்கும் இரட்டிப்பாகாது.

ஏஜென்ட்டிடம் கேட்க வேண்டியது ஒன்று பாக்கி. அந்த 4 லட்சம் உறுதித் தொகையா, போனஸ் சேர்த்துச் சொன்னதா? போனஸ் உள்ள பாலிசி என்றால், தொகை விளக்கத்தாளில் 4 சதவீதம், 8 சதவீதம் என இரண்டு பத்திகள் இருக்கும். இரண்டும் கம்பெனியின் முதலீடு அவ்வளவு ஈட்டினால் என்ற அனுமானம், உங்களுக்கு வரும் வட்டி அல்ல. ஏஜென்ட் வாயில் வருவது பெரும்பாலும் 8 சதவீதப் பத்தியின் தொகையாக இருக்கும். அப்படியிருந்தால் 4 சதவீதப் பத்தியின் தொகையையும் பாருங்கள். அது 2 லட்சத்திலிருந்து எத்தனை மடங்கு என்று பார்த்தாலே, மேலே போட்ட நாலரைகூட நிச்சயமில்லை என்பது தெரியும். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்றால், பாலிசிப் பத்திரம் கையில் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் கொடுத்துத் திருப்பிவிடலாம். சிறு பிடித்தம் போக மிச்சப் பணம் வந்துவிடும். நடுவில் இரண்டு, மூன்று வருடம் கட்டிவிட்டு நிறுத்தினால்தான் அடி பலமாக விழும்.